புடவை மடிப்பில் ஒரு சோப்பு

முன்பு நான் ஒரு சோப்பு கம்பெனிக்காகத் திருத்தணி கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியவள். சரக்கு நகர்ந்தால் வேலை முடிந்தது. வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கை கழுவும் பழக்கத்துக்கான பிரசாரத்தில் சேர்ந்த பிறகு எல்லாம் தலைகீழ். எந்தச் சோப்பானாலும் சரி, பிள்ளைக்கு ஊட்டுவதற்கு முன் தாய் அதைப் போட்டுக் கழுவுகிறாளா என்பதுதான் கேள்வி. எங்களுக்குப் போட்டி இன்னொரு கம்பெனி இல்லை, 'வெறும் தண்ணி போதும்' என்கிற பழக்கம்.

பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகையில் வீட்டுக்கு ஒரு மல்லிகை வாசனைச் சோப்பு கொடுத்தோம். வேலை முடிந்தது என்று பழைய புத்தியில் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அங்கே களையெடுக்கப் போகும் ஒரு இளம் தாய். அப்போதுதான் சோறு தின்னத் தொடங்கியிருந்த அவள் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். மறுபடியும் போகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். குழந்தை அவள் தோளில் வாடிக் கிடந்தது. கொடுத்த சோப்பு எங்கே என்று கேட்டேன்.

அவள் பெருமையாக பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவை மடிப்புக்குள் பிரிக்காத சோப்பு.

"நல்ல சோப்பாச்சேக்கா, வீணாக்கல. புடவையெல்லாம் எப்படி வாசன அடிக்குது பாருங்க."

சிரிப்பு வந்தது. அந்தக் குழந்தையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். கிருமி, ஆபத்து என்று பயமுறுத்த மனம் வரவில்லை. அவளிடம் பயம் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

"அப்ப கை கழுவ?"

"குளிக்கிற சோப்பு பின்னாடி கீதுக்கா. புள்ள பசிக்கு அழுதுகினு இருக்கும்போது எங்க அங்க ஓடறது?"

சோப்பு இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டேன். கை கழுவ அந்தச் சோப்புத் தண்ணீரே போதும். எங்கே வைக்கலாம் என்று அவளையே கேட்டேன். சமையல் மூலையில் பிள்ளையின் கிண்ணம் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

"இங்கன்னா கிண்ணத்த எடுக்கும்போதே கண்ல படும்."

குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலமே இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தேறிவிட்டது.

சில மாதம் கழித்து கிராம நர்ஸோடு அந்த வீட்டுக்குப் போனேன். அவள் கிண்ணத்தை எடுத்தாள், பாட்டிலை அமுக்கினாள், நுரை வரத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊட்ட உட்கார்ந்தாள். கொழுகொழுவென்று இருந்த குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

புதிதாக வந்திருந்த அந்த நர்ஸ் கேட்டார், "யாரும்மா இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "யாரும் சொல்லல மேடம். எங்க ஊட்ல எப்பவுமே இப்படித்தான்."

சோப்பு கம்பெனியில் இருந்திருந்தால், வாங்கியவளுக்குக் கம்பெனி பெயரே மறந்துபோனதற்காக என்னைத் திட்டியிருப்பார்கள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.