படுத்துக் கிடந்த எழுபத்திரண்டாம் பக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் டீச்சர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்த நாள் குறைவு. ரப்பர் வைத்து அழிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், "விரலுக்குக் கண்ணு இருந்தா ரப்பர் எதுக்கு?" என்பேன்.

என் கணவர் அரியலூரில் ஒரு கல்லூரியில் பொருளாதார ஆசிரியர். தினமும் பஸ்ஸில் போய் வருவார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுப் பாசனத்தால் பயிர்கள் எப்படி மாறின என்று எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்தார். எழுதி முடித்ததும், திருச்சியில் டைப் செய்யக் கொடுக்கலாம் என்றார்.

"வூட்டுல நான் எதுக்கு இருக்கேன்?" என்று கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, நான்காம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை வரும் வரைக்கும். பூலாம்பாடி, செட்டிகுளம் என்று ஊர்கள் கீழே கீழே வரிசையாக நின்றன. குறுக்கே கிணறு, மோட்டார், பருத்தி, கடலை, சோளம், சின்ன வெங்காயம் என்று கட்டங்கள் நீண்டுகொண்டே போயின. எவ்வளவு நெருக்கினாலும் வெங்காயம் தாளுக்கு வெளியே போய் நின்றது.

"ரெண்டு தாள ஒட்டி மடிச்சு வச்சுடலாமா?"

"கூடாதாம். யுனிவர்சிட்டில சொல்லிட்டாங்க. ஒரே தாள்லதான் இருக்கணும், பக்க எண்ணும் வரிசையா வரணும்."

அப்படியானால் அந்த ஒரு தாளைப் படுக்க வைத்துத்தான் அடிக்க வேண்டும். எங்கள் மெஷின்களின் உருளை நீளம் பத்தாது. படுத்த தாள் உள்ளேயே போகாது. அரியலூரில் ஒரு கூட்டுறவுச் சங்க ஆபீஸில், கணக்கு அறிக்கைகள் அடிக்க உருளை நீளமான மெஷின் ஒன்று இருந்தது. இவருக்கு அங்கே தெரிந்தவர் உண்டு. அட்டவணைக்கு எழுபத்திரண்டு என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, மீதிப் பக்கங்களை எழுபத்து மூன்றிலிருந்து அடித்து முடித்தேன். பிறகு வெள்ளைத் தாள்களையும் கார்பன்களையும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் இருவரும் பஸ் ஏறினோம்.

அந்த மெஷின் உரல் மாதிரி கனம். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். ஒரு தப்பு இல்லை. மற்ற பக்கங்களில் எண் எங்கே இருந்ததோ அதே மாதிரி, மேலே வலது மூலையில் எழுபத்திரண்டு என்று அடித்துத் தாளை உருவினேன்.

"பாருங்க," என்றேன்.

"பிரமாதம்," என்றார் அவர். பாவம், அவருக்கும் தெரியவில்லை.

பைண்டர் பிரதிகளைத் தைத்தார். அட்டை போடுவதற்கு முன் இவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"எழுபத்தி ரெண்டு எங்க?"

"அட்டவணைதான் எழுபத்தி ரெண்டு."

"அது எனக்குத் தெரியாதா? நம்பரு எங்க?"

வாங்கிப் புரட்டினேன். எழுபத்தொன்று. அடுத்து அட்டவணை, எண் இல்லை. அடுத்து எழுபத்து மூன்று. என் கையாலேயே அடித்திருந்தேன், எப்படிக் காணாமல் போகும்? புத்தகத்தை முறுக்கி, தையலுக்குள் எட்டிப் பார்த்தேன். நூலுக்கு அடியில் எழுபத்திரண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தது. தாளைப் படுக்க வைத்து அடித்தபோது எது எனக்கு மேல் விளிம்போ, அதுதான் புத்தகத்தில் தைக்கிற விளிம்பு. அட்டவணையின் தலைப்பும் தையலை முட்டிக்கொண்டு பாதி மூச்சில் இருந்தது.

"பைண்டர் தச்ச லட்சணம்," என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

தையலைப் பிரிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அரியலூர் போனோம். இந்தத் தடவை தைப்பதற்காகத் தலைப்புக்கு மேலே தாராளமாக இடம் விட்டேன். எண்ணை அங்கே அடிக்கவில்லை. ஊருக்கு வந்து, மறுநாள் இன்ஸ்டிட்யூட் மெஷினில் தாளை நிமிர்த்திச் செருகி, மற்ற பக்கங்களைப் போலவே நின்ற தாளின் வலது மேல் மூலையில் அடித்தேன். ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியாக அடித்தேன். அட்டவணை படுத்தாலும் எண் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்ற தத்துவத்தை நானே கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகளிடம் அதை விளக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் இவர் அந்தத் தாளை எழுபத்தொன்றுக்கும் எழுபத்து மூன்றுக்கும் நடுவே செருகினார். பைண்டிங் மாதிரி இடது ஓரத்தைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டு பார்த்தார்.

"நம்பரு வந்துருச்சு."

"வராம?"

"மொத்தம் எங்க?"

"எந்த மொத்தம்?"

"கடைசி வரி. எல்லா ஊருக்கும் மொத்தம்."

அது அவருடைய கைப்பிடிக்குள் இருந்தது. படுத்த தாளை நிமிர்த்த இரண்டு வழி உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் தப்பான பக்கமாக நிமிர்த்தியிருந்தேன். தலைப்பும் நான் தாராளமாக விட்ட இடமும் புத்தகத்தின் வெளி ஓரத்துக்குப் போய்விட்டன. அடி வரி தையலுக்குள் மாட்டிக்கொண்டது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பழைய தாளை எடுத்து, ஒரு நீள விளிம்பில் 'தலை' என்றும் எதிர் விளிம்பில் 'கால்' என்றும் எழுதினார். அதை ஒரு நோட்டுக்குள் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தோம். இருவரும் கழுத்தை ஒரே பக்கம் சாய்த்து, பிறகு மறு பக்கம் சாய்த்து. பால் கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று, "என்னங்க டீச்சர், ரெண்டு பேருக்கும் சுளுக்கா?" என்று கேட்டார்.

கடைசியில் பிடிபட்டது. தலை தையல் பக்கம், அதாவது இடது ஓரம். புத்தகத்தை வலது பக்கமாகச் சுழற்றினால் அட்டவணை நேராக வரும். தலை இடது பக்கம் இருக்கும்படி தாளை நிமிர்த்தினால் எண்ணுக்கான மூலை தானாகத் தெரிந்துவிடும்.

"திரும்ப அரியலூர் போவணுமா?" என்றேன்.

"எதுக்கு? அட்டவணை சரியாத்தான இருக்கு. நம்பருதான தப்பான மூலையில ஒக்காந்திருக்கு. அழிச்சுட்டு இந்த மூலையில அடி."

"அழிக்கிறதா?"

"ரப்பர் இல்லியா?"

இன்ஸ்டிட்யூட்டில் என்னிடம் ரப்பர் கிடையாது. லோயர் படிக்கிற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் டிபன் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்க, நான் ஒவ்வொரு பிரதியாக அழித்தேன். முதல் பிரதியில் தாள் கொஞ்சம் முரடு தட்டியது. தாளைத் திருப்பி, தலை இடது பக்கம் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே எண்ணை அடித்தேன்.

ஆய்வேடு கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் புத்தகத்தை வலது பக்கமாகச் சுழற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த அட்டவணையைப் பற்றித்தான் கேட்டாராம். செட்டிகுளத்தில் வெங்காயம் ஏன் ஏறியது, பருத்தி எங்கே இறங்கியது என்று. பக்க எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்குச் சின்ன வருத்தம்கூட.

நன்றியுரைப் பக்கத்தை, ரப்பர் வேலையெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் அடித்திருந்தேன். இவர் எழுதிக் கொடுத்ததில், 'பிழையின்றித் தட்டச்சு செய்த என் மனைவிக்கு' என்று இருந்தது. முதல் வார்த்தையை விட்டுவிட்டு மற்றதை அடித்தேன். படித்துப் பார்த்த இவர் அப்படியே கையெழுத்துப் போட்டார்.