பக்கத்து வீட்டு வருமானமும் எங்கள் கோப்பும்

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்த அன்று அம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை இல்லை. பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் சந்துக்குத் தபால்காரர் வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பவர் அவர்தான்.

அரசு வீட்டுத் திட்டத்துக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போய் மனு கொடுத்திருந்தோம். அத்தைக்கு வீடு கிடைத்தது, இன்னும் குடிபோகவில்லை. அம்மாவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். புதுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் மகன் வண்டி ஓட்டிக் கை நிறையச் சம்பாதிக்கிறான். என் அம்மா ஐ.டி. கம்பெனியில் தரை துடைக்கிறாள். அவர்களுக்கு மட்டும் எப்படி?

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பத்து ரூபாய் கட்டி, அம்மா பெயரில் தகவல் உரிமை மனு எழுதினேன். அத்தையின் வருமானச் சான்று, மகனின் சம்பளம் எல்லாம் கேட்டேன். அம்மாவின் மனுவை ஏன் தள்ளினார்கள், அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்பது கடைசியில் ஒரு வரி.

கன்னடத்தில் இருந்த பதிலைத் தமிழில் சொன்னேன். கேட்டது மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம். அவருக்கு அறிவிப்பு அனுப்பினோம், அவர் ஆட்சேபித்தார். எட்டாவது பிரிவின்படி தர இயலாது.

"யாருக்குடா அறிவிப்பு?"

"அத்தைக்கு."

"என் பேர் போட்டா?"

நான் தலையாட்டினேன். அம்மா காகிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

சாயங்காலம் குழாயடியில் அத்தைதான் பேசினார். "எம் பையன் சம்பளம் வேணும்னா என்னாண்ட கேளு அக்கா. ஆபீஸ்காரன் எதுக்கு நடுவுல?"

வீட்டுக்கு வந்து பதிலை மறுபடி படித்தேன். கடைசி வரிக்குப் பதிலே இல்லை. அம்மாவின் கோப்பு அம்மாவுக்கு மூன்றாம் நபர் விவரம் ஆகாது. தரக்கூடாததை நீக்கிவிட்டு மற்றதைத் தரவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பதிலின் அடியில், முப்பது நாளுக்குள் இன்ன மேலதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. அத்தையின் பெயரை விட்டுவிட்டு, எங்கள் கோப்பை மட்டும் கேட்டு எழுதினேன். விட்டபோதும் மனசு கேட்கவில்லை.

விசாரணைக்கு அம்மா அரைநாள் லீவு போட்டாள். அத்தையின் விவரத்தை மறுத்தது சரி, அம்மாவின் கோப்பை மறுத்தது தவறு என்று மேலதிகாரி உத்தரவு எழுதினார். ஏழு பக்கம் கிடைத்தன, பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 'இரு முறை நேரில் சென்றோம், வீடு பூட்டியிருந்தது, யாரும் வசிக்கவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. பகலில் அம்மா வேலையிலும் நான் ஆபீஸிலும் இருந்தால் வேறென்ன?

மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனு எழுதினோம். நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம் என்று பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போடவேண்டும். அம்மாவே போய்க் கேட்டாள்.

"வேலைக்குப் போயிருக்காங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன், பாக்க வந்தவன் எழுதிக்கல" என்று சொல்லி அத்தை கையெழுத்திட்டார். குனிந்தபோது இடுப்பில் சாவி தெரிந்தது. இன்னும் எரிந்தது.

மறுபார்வைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் அரைநாள் கூலி போக, இதுவரை ஆன செலவு இருபத்து நான்கு ரூபாய்.