ஒருவருக்கு ஒரு பக்கம்

அந்தப் புத்தகத்தைத் தொடங்கியபோது நான் எனக்கே ஒரு சட்டம் போட்டிருந்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஒன்றரைப் பக்கம் இல்லை, ஒரு பக்கத்தில் இருவரும் இல்லை. மேலே அவர் கடலுக்குப் போன நாள், கீழே படம், அதன் கீழ் என்ன படகு, என்ன காற்று, கடைசியாகக் கண்டவர் யார். படம் கிடைக்காத இடத்தில் வெறும் கட்டம்.

துறைமுகத்தில் களஞ்சிய எழுதுநராக இருந்த காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதியவன் நான். சல்லியிலிருந்து புல்மோட்டை வரை கரையில் யாராவது வராமல் போனால் அன்றே குறித்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அவற்றை ஒன்றாக்கினேன். நூற்று எண்பத்து நான்கு பக்கம் வந்தது. குடும்பங்கள் சிதறிக் கிடந்தன; யாருக்கு எப்போது பிரதி வேண்டும் என்று தெரியாது. அதனால் மொத்தமாக அச்சடிக்காமல், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அடித்துத் தரும் கடை ஒன்றைப் பட்டினத்தில் பிடித்தேன். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி நடத்துகிற கடை. கோப்பு அவரிடம் இருக்கும். நான் மாதிரிப் பிரதியைப் பார்த்துச் சரி என்றால், அதன் பிறகு யார் கேட்டாலும் அதே அச்சு, அதே தாள், அதே அளவு.

அந்தச் 'சரி'யைச் சொல்லத்தான் எனக்குப் பயம். பிழையான சொல்லைப் பிறகு திருத்தலாம். ஆனால் ஒரு தாய் கையில் எடுத்துவிட்ட மகனின் பக்கத்தை எப்படித் திருப்பி வாங்குவது?

முதலில் நாவல்களைப் போல ஐந்துக்கு எட்டு அங்குலம் என்று நினைத்தேன். கையடக்கம், அழகு. போட்டுப் பார்த்தபோது பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்கு வழிந்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்கப்போகிறவர்களில் பலருக்குக் கண்ணாடி போதாது. ஏ-ஐந்து அளவில் எல்லோரும் தங்கள் தங்கள் பக்கத்தில் நின்றார்கள். அளவு அப்படி முடிவானது.

தாளில்தான் நான் கெட்டேன். கடைக்காரி சோதனைக்காக எழுபது கிராம் தாளில் நாலு பக்கம் அடித்துக் காட்டினார். ஒரு பக்கத்தைக் கையில் தூக்கினேன். அந்த மனிதனின் முகத்துக்குள் பின்பக்கத்து மனிதனின் முகம் நிழலாகத் தெரிந்தது. இரண்டு பேரும் வெவ்வேறு வருடம் போனவர்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நானே கடைத்தெருவில் நூறு கிராம் ஏ-நான்கு வெள்ளைத் தாள் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். களஞ்சியத்தில் முப்பது வருடம் பொருளை எடை பார்த்துத்தான் ஏற்றேன். கனமானது நல்லது என்பது என் கைக்குப் பழகிப்போன முடிவு.

"சேர், இதில வேணாம்," என்றார் கடைக்காரி. "எங்கட பெரிய தாளில அடிச்சு நாலா வெட்டித் தாறன். புத்தகத்துக்கு அதுதான் நல்லம்."

"உங்கட தாள் மெல்லிசு. ஆளுக்குள்ள ஆள் தெரியுது."

"எம்பது கிராமில பாருங்களன்."

"நூறில அடியுங்கோ. நான் சொல்லுறன்."

"உங்கட புத்தகம், உங்கட தாள்," என்று அவர் சிரித்தார். "பிறகு என்னை ஏசப்படாது."

வியாழன் பிற்பகல் மாதிரிப் பிரதி வந்தது. கனம் எனக்குப் பிடித்தது. முதுகு தடிப்பாக, அட்டை மினுங்காமல், பார்வைக்குக் கடையில் விற்கிற புத்தகம்தான். விரித்தேன், விரல் எடுத்ததும் டப்பென்று மூடிக்கொண்டது. தாள்கள் ஓரத்தில் மெல்ல அலையடித்திருந்தன. புதிது, பழகும் என்று எனக்கு நானே சொன்னேன்.

அச்சுக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் பக்கத்தைப் பார்க்கலாம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். முதலில் வந்தவர் சல்லியிலிருந்து ஒரு அக்கா; வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனால் அந்தக் கரையே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். கருவாடு காயப்போட்டு விற்பவர். தம்பி கடலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை கடைக்கே வந்தார். கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார்.

தம்பியின் பக்கத்தை விரித்தார். அவன் போன நாளை விரலால் தடவினார். படத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இதைப் படமெடுத்து என்ர சின்ன மகனுக்கு அனுப்பட்டே? கட்டாரில வேலைக்கு நிக்கிறான்."

"ஓம், எடுங்கோ."

புத்தகம் மூடிக்கொண்டது. திரும்ப விரித்தார். திரும்ப மூடிக்கொண்டது. "என்ன அண்ணை இது, நண்டு மாதிரிக் கடிக்குது," என்றார். உள்பக்கத்து வரிகளின் முதல் எழுத்துகள் முதுகுக்குள் மறைந்து நின்றன. ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. அவர் புத்தகத்தை மேசையில் மல்லாக்க வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார். கரையில் கருவாட்டை விரித்து அமர்த்துகிற அதே அழுத்தம்.

முதுகு வெடித்தது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். அவர் கையை எடுத்தபோது தம்பியின் பக்கம் கையோடு வந்தது.

கடைக்குள் அச்சு இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ துர்க்கனவு கண்டிருக்கிறேன், இதைக் கண்டதில்லை. உடல் கிடைக்காத ஒருவனை நான் தாளில் கொண்டுவந்து வைத்தேன். அவனை அவன் அக்காவின் கையாலேயே பிய்த்தெடுக்க வைத்துவிட்டேன்.

அக்கா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் திரியாய் ஊர்க்காரர் ஒருவர். "அவன் எப்பவும் இப்பிடித்தான்," என்றார். "ஒரு இடத்தில நிக்கமாட்டான்." சிரிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குப் பரவாயில்லை அண்ணை. மற்றவையின்ர கையில இப்பிடிக் குடுத்துப்போடாதேங்கோ. புல்மோட்டையில ஒரு தாய் இருக்குது. அது தாங்காது."

பக்கத்தை மடிக்காமல் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

கடைக்காரி கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். என்னை ஏசவில்லை. நான் வாங்கிக் கொடுத்த தாள்கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, நீளவாட்டில் மெல்ல வளைத்தார்; வளைந்தது. குறுக்குவாட்டில் வளைத்தார், திமிறியது.

"தாளுக்கு நார் இருக்கு சேர். இந்தத் தாளில நீளப்பக்கமா ஓடுது. இதைப் பாதியா வெட்டினா நார் முதுகுக்குக் குறுக்கால வந்துரும். பக்கம் பிரளமாட்டுது, நிமிந்து நிக்கப் பாக்கும். பசை எத்தனை தரம் தாங்கும்? தடிச்ச தாள் எண்டா இன்னும் மோசம்."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"சொன்னன். நீங்க எடையைப் பாத்தீங்க."

ஓம், அவர் சொன்னார்.

அவருடைய பெரிய தாளில் நாலு பக்கம் வைத்து வெட்டினால் நார் முதுகோடு ஒத்து ஓடும். எண்பது கிராம், வெள்ளை இல்லை, மங்கல் மஞ்சள். ஒரு தாளை மேசையில் வைத்துக் காட்டினார், பின்பக்கம் தெரியவில்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் இலேசாகத் தெரிந்தது. நான் ஜன்னலுக்கு நேரே பலமுறை பிடித்தேன்.

"ஆரும் புத்தகத்தைச் சூரியனுக்குக் காட்டிப் படிக்கமாட்டாங்க சேர்."

உள்ஓரத்தை ஐந்து மில்லிமீட்டர் கூட்ட வேண்டும் என்றார். அப்போதுதான் வரிகள் முதுகுக்குள் போகாது. கூட்டினோம். முப்பத்திரண்டு பேர் அடுத்த பக்கத்துக்கு வழிந்தார்கள். ஆறுக்கு ஒன்பது அங்குலமாக்கலாமா என்று கேட்டேன். அவர் அளவுகோலைத் தாளின் மேல் வைத்தார்.

"நாலு வைக்க எட்டு மில்லிமீட்டர் குறையுது. அதோட வெட்டுறதுக்கு ஓரமும் வேணும். ரெண்டுதான் வைக்கலாம், மிச்சம் குப்பை. கையில பிடிச்சாலும் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கும்."

அளவு ஏலாது, எழுத்தைக் குறைக்கவும் ஏலாது. சொற்களைத்தான் குறைக்க வேண்டும். சனியும் ஞாயிறும் இருந்து முப்பத்திரண்டு பக்கத்தையும் வெட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் அன்று செய்தி கேட்டபோது நான் எங்கே நின்றேன், என்ன நேரம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எடுத்தால் எல்லோரும் தங்கள் பக்கத்துக்குள் வந்தார்கள். அதன் பிறகு மற்றப் பக்கங்களிலும் எடுத்தேன். முப்பத்திரண்டு பேருக்கு ஒரு மாதிரியும் மிச்சப் பேருக்கு வேறு மாதிரியும் வைக்க மனம் வரவில்லை. தாள் மெலிந்ததால் முதுகும் மெலிந்தது; அட்டையைத் திரும்ப வரைந்தார்கள், இல்லையென்றால் முதுகின் எழுத்து முன்பக்கத்துக்கு வழுகியிருக்கும்.

இரண்டாவது மாதிரி புதன்கிழமை வந்தது. கைக்கு இலேசாக இருந்தது. அந்த இலேசே என்னைப் பயமுறுத்தியது. என்னால் அதை அழுத்திப் பார்க்க முடியவில்லை. கடைக்காரி வாங்கி, நடுவில் விரித்து, முழங்கையால் அமர்த்தினார். பக்கம் பக்கமாகப் பிடித்து இழுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திரும்புங்க சேர். ஒண்டும் கழறேல்ல."

புத்தகம் மேசையில் தானாகத் திறந்து கிடந்தது. நான் சரி என்றேன்.

அதன் பிறகு பிரதிகள் ஒவ்வொன்றாகப் போயின. சல்லிக்கு ஒன்று, கட்டாருக்கு ஒன்று. தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு பக்கம் கழன்றுவிட்டது என்றே எடுத்தேன். மூன்றாவது வாரம் புல்மோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. அந்தத் தாயின் மருமகள்.

"ஐயா, மாமிக்குப் புத்தகம் வந்திட்டுது."

"பக்கம் ஏதும்..."

"என்ன பக்கம்? அவவின்ர மகன்ர பக்கத்தை விரிச்சுச் சாமிப்படத்துக்குக் கீழ வைச்சிருக்கிறா. மூடவிடுறா இல்லை. பூ வைச்சு, விளக்கும் ஏத்துறா. எத்தினை நாள் இப்பிடி விரிச்சே வைக்கலாம்? ஒண்டும் ஆகாதே?"

நான் அளவையும் தாளையும் நாரையும் எண்ணிப் பார்த்திருந்தேன். ஒரு புத்தகம் மூடப்படாமலே இருக்கும் என்று எண்ணவில்லை. முதுகில் இருப்பது சூட்டில் உருகி ஒட்டுகிற பசை. கடைக்காரி இயந்திரத்தில் அதை உருக்குவதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

"விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ," என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"ஒரு கை நீளம்."

"மாமி, விளக்கைத் தள்ளி வைக்கட்டாம்," என்று அவர் உள்ளே பார்த்துச் சொல்வது கேட்டது. நான் தொலைபேசியை வைக்காமல், அந்த வீட்டில் யாரோ விளக்கை நகர்த்தும் சத்தம் வரும்வரை காத்திருந்தேன்.