ஏழாம் சீட்டின் ஆறு கோடுகள்

கோட்டைக்குப்பத்துப் பச்சையம்மாவுக்குப் பொன்னேரியில் பஸ் துடைக்கிற வேலை. சீட் முதுகில் உள்ள கிறுக்கலைப் படிக்காமல் அழிக்கமாட்டாள். 143 என்றால் காதல். ஆங்கிலத்தில் ‘ஐ லவ் யூ’ என்பதன் எழுத்துக்கணக்கு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறை மதிலிலும் அதே கூத்துதான். 420 என்றால் மோசக்காரன். சட்டப் பிரிவின் நம்பரே பட்டப்பெயராகிவிட்டது.

அன்றைக்கு ஏழாம் சீட்டில் உட்காருபவர் கண்ணில் படும்படி முன்சீட்டு முதுகில் ‘420, மா 5’ என்றிருந்தது. பக்கத்தில் பின்னால் காட்டும் அம்புக்குறி. அதாவது, மாலை ஐந்து மணி பஸ், பின்சீட்டு ஆள். கீழே ஆறு கோடுகள்: ஒன்று நீலப் பேனா, ஒன்று கண்மை, ஒன்று ஹேர்பின் கீறல். ஒவ்வொன்றும் அவன் சீண்டிய ஒவ்வொரு பெண் போட்டது.

“கத்துறதுக்கு இன்னா, வாயா இல்ல?” என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்ததும் அடங்கிவிட்டாள். கத்தினால் பஸ்ஸே அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து ஊரையும் அப்பன் பேரையும் விசாரிக்கும். மறுநாளே வீட்டில் படிப்பை நிறுத்துவார்கள். கோட்டுக்குப் பேர் கிடையாது.

அதை மட்டும் அழிக்காமல் விட்டாள். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் ஏறி ஏழாம் சீட்டில் உட்கார்ந்தாள். மெதூர் தாண்டியதும் சீட்டு இடுக்கு வழியாக ஒரு கை இடுப்புக்கு வந்தது. புடவை ஊக்கைக் கழற்றி ஆழமாக இறக்கினாள். பின்னால் அலறல்.

பச்சையம்மா எழுந்து திரும்பினாள்.

“எந்த ஊருடா நீ? உங்க நைனா பேரு இன்னா? சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்!”