தட்டில் வந்த செக்

எங்கள் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிறோம். வண்டி வெளியே போகும் நாளில் பூஜை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஓனர் வெற்றிலைத் தட்டில் செக்கை வைத்து நீட்டுவார். அதை அங்கேயே பிரித்துப் பார்த்தால் அவரை நம்பவில்லை என்று அர்த்தமாம். என் வீட்டுக்காரர் கண்ணில் ஒற்றி அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். யார் எழுதிவைத்த சட்டமோ, எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தீபாவளிக்கு முந்தின நாள், என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட மாமா முறையான ஒரு லாரி ஓனரின் செக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். பில் நாலு லட்சத்து முப்பதாயிரம். அதில் நாலு லட்சத்து மூவாயிரம் தகடு, மரம், பெயின்ட் கடைகளுக்குப் போய்விடும். மிச்சம் இருபத்தேழாயிரம்தான் பட்டறை ஆட்கள் ஆறு பேருக்கும் தீபாவளி நோம்பி போனஸ்.

கவுன்டரில் இருந்த பெண் செக்கை ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, நம்பர்ல நாலு முப்பது இருக்கு. எழுத்துல நான்கு லட்சத்து மூவாயிரம் மட்டும்னு இருக்குங்களே."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். பூஜையன்று ஒரு நிமிடம் பிரித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

"நம்பர்படி போடுங்க" என்றேன்.

"முடியாதுங்கம்மா. ரெண்டும் ஒத்து வரலைன்னா சட்டப்படி எழுத்துல இருக்கிறதுதான் தொகை. நம்பர்ல ஒரு சுழியை யார் வேணா சேத்திரலாம், கை தவறியும் விழுந்துரும். எழுத்தை அப்படி மாத்த முடியாது, நின்னு நிதானிச்சுத்தானே எழுதறோம். பெரும்பாலும் இப்படி வந்தா நாங்க திருப்பியே அனுப்பிருவோம். வேற செக் வாங்கிட்டு வந்துருங்க. இதுலயே அடிச்சுத் திருத்தினா செல்லாது."

அவள் சொன்னது நியாயம்தான். கோபம் அவள்மேல் இல்லை. அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். போட்டதோடு நிறுத்தினேனா? பேங்கில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன், எழுத்துதான் செல்லுமாம் என்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

மாமா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படியா அம்மணி. சட்டமே அப்படிச் சொல்லுதுன்னா நாம என்ன பண்றது? எழுத்துல இருக்கறதையே போடச் சொல்லி வாங்கிக்க. மீதிய நோம்பி கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "உடு, சொந்தக்காரங்க" என்றார். ஆறு பேரும் பட்டறையில் துணி எடுக்கப் போகக் காத்திருக்கிறார்கள், இவருக்கு சொந்தம் பெரிசு. அந்த நேரத்தில் இவர் எதிரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக மாமா வீட்டுக்கே போனேன். அத்தை முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். மாமா சிரித்த முகமாக, "வா அம்மணி, பலகாரம் எடுத்துக்க" என்றார். வயிறு எரிந்துகொண்டிருந்தவளுக்குப் பலகாரம்.

"மாமா, எழுத்து செல்லும்கறது இந்தச் செக்குக்குத்தானுங்க. நான் கட்டின பாடிக்கு இல்லீங்க. பில்லுலயும் எழுத்துல போட்டிருக்கேன், நாலு லட்சத்து முப்பதாயிரம்னு. நீங்க கையெழுத்துப் போட்டு வாங்குனதுதானுங்க."

"அதான் நோம்பி கழிச்சுத் தாரேன்னேனே."

"அப்பச் சரிங்க மாமா. பாடி சர்டிபிகேட்டும் நோம்பி கழிச்சே தாரேன்."

மாமா முகம் சுண்டிப்போயிற்று. பாடி கட்டியவர் கொடுக்கும் அந்தக் காகிதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைப் பதிய மாட்டார்கள். முழுப் பணமும் வருவது உறுதியான பிறகுதான் தருவது என்று அதைப் பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் பட்டறையில் நான் போட்ட ஒரே சட்டம் அது.

"பொம்பளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது" என்றார்.

"ஆறு ஊட்டுக்கு நோம்பிங்க" என்றேன். அடுப்படியிலிருந்து அத்தை, "எழுதிக் குடுத்து அனுப்புங்க, புள்ள நிக்குது" என்றார்.

செக் புக் வந்தது. "மொதல்ல எழுத்துல எழுதுங்க மாமா, அப்பறம் நம்பர் போடுங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்தேன், கிழித்துப் போட்டார். கையெழுத்துப் போட்டு முடித்ததும், பழக்க தோஷம், புதிய செக்கை மடித்து வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார்.

கண்ணில் ஒற்றவில்லை. அவர் எதிரிலேயே பிரித்து, அடுப்படிக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். "ரூபாய் நான்கு லட்சத்து முப்பதாயிரம் மட்டும்." அந்த 'மட்டும்' வரைக்கும் படித்து, நம்பரையும் பார்த்த பிறகுதான் சர்டிபிகேட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.