மேற்குப் பார்த்த கதவு

மண்ணூர்பேட்டை ஏகாம்பரத்துக்கு இரண்டு விஷயத்தில் கர்வம். ஒன்று, அவர் பாலீஷ் போட்ட கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். இன்னொன்று, அவர் மகள் காவ்யா. போன வருஷம் தை மாசம் இரண்டு கர்வத்தையும் ஒரே வீட்டில் கொண்டுபோய் வைத்தார். காவ்யாவைக் கட்டிக்கொடுத்த இடத்தில், வேப்பம்பட்டில், சம்பந்தியம்மா நாகவல்லி புது வீடு கட்டினாள். தலைவாசல் கதவுக்கு, மரத்தின் மேல் படலமாக நிற்கிற பி.யு. பாலீஷைத் தாமே போட்டுத் தருவதாக மனுஷன் வாய் விட்டார். மூணு கோட்டு. கண்ணாடி தோற்றுப்போகும். "பத்து வருஷத்துக்கு இத்த யாரும் தொட வாணாம்" என்று கிரகப்பிரவேசத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனது மூன்றே தடவை. மூன்றும் சீர்ப்பையோடு. "சும்மா வா நைனா" என்று காவ்யா போனில் கூப்பிடுவாள். பெண் கொடுத்த வீட்டுக்குக் காரணமில்லாமல் எப்படிப் போவது என்று இவருக்குக் கூச்சம். ரயிலேறினால் அரைமணி நேரம்தான். அதுவே அவருக்கு அசலூராக இருந்தது.

பதினான்காம் மாசம் மருமகன் பிரசன்னா போன் செய்தான். "மாமா, கதவு தோல் உரியுது."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றார். வீடு மேற்குப் பார்த்தது. வாசலுக்கு மேல் வெயில் தடுக்க ஒரு சன்ஷேடு கூடக் கிடையாது. கதவின் மேல்பாதி முழுக்க வெடிப்பு. கீழ்ப்பாதியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். நகத்தால் நெம்பினால் வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது. அடியில் மரம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. ஏகாம்பரத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

நாகவல்லி காபியோடு வந்தாள். "இன்னாத்துக்கு சம்பந்தி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? மரம் வித்தவன் ஏமாத்திட்டான். சாயங்காலம் கடைக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்."

தப்பிக்க வழி தானாகத் திறந்தது. தலையை ஆட்டினால் போதும், பேர் மிஞ்சும். ஆனால் நாகவல்லிக்குப் பின்னால் காவ்யா நின்றாள். பாலீஷ் டப்பாக்களுக்கு நடுவே வளர்ந்தவள். தப்பு மரத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் கீலைக் கழற்றி, பிரசன்னாவோடு கதவை இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்தார். கதவின் அடிவிளிம்பு வெறும் மரம். சொட்டு பாலீஷ் படாமல், ஈரம் குடித்துக் கறுத்திருந்தது.

"கடைக்குப் போவாதீங்க சம்பந்திம்மா. மரம் நல்ல மரம். தப்பு என்னுது."

நாகவல்லி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது ஊட்டுக்குள்ள அடிக்கிற பி.யு. பளபளப்பு ஜாஸ்தின்னு ஆசப்பட்டு வெளிவாசலுக்கு அடிச்சிட்டேன். வெயிலு இந்தக் கோட்டுக்குள்ள பூந்து மரத்தோட மேல்தோல மக்க வச்சிடும். அப்பால கோட்டுக்குப் பிடிமானம் ஏது? மழைல மரம் உப்பும், வெயில்ல சுருங்கும். வெயில்ல காஞ்சி மொறுமொறுன்னு ஆன கோட்டு கூடவே நெளியுமா? வெடிச்சிடும். வெடிப்புல பூந்த தண்ணி உள்ளியே மாட்டிக்கும். கதவ மாட்டினப்புறம் அடிச்சேன், அதான் அடிவிளிம்ப உட்டுட்டேன். நீங்க வாசல்ல ஊத்துற தண்ணியெல்லாம் அதுதான் குடிச்சிக் கீது."

"வார்னிஷ் அடிச்சிருந்தா?" என்று பிரசன்னா கேட்டான்.

"வெளிவாசலுக்குன்னே வர்ற வார்னிஷ் கீது, பி.யு.வும் கீது. வெயில் தாங்குற மருந்து கலந்து வரும். கூட நாள் நிக்கும். ஆனா என்னிக்காவது உரியும், அன்னிக்கு மொத்தமா சுரண்டணும். ஆயில் பாலீஷ் மரத்துக்குள்ள எறங்கிடும், உரியாது. மூஞ்சி தெரியாது, அவ்ளோதான். வருஷா வருஷம் ஒரு கை போடணும்."

நாகவல்லி யோசித்தாள். "ஆயிலே போடுங்க" என்றாள்.

அன்று முழுக்கச் சுரண்டி, நல்ல நிறம் வரும்வரை உப்புத்தாள் தேய்த்தார்கள். ஈரம் காய ஒரு வாரம் கதவை உள்ளே சாய்த்து வைத்தார்கள். கிரில் கேட் இருந்ததால் வீடு பிழைத்தது. அடுத்த ஞாயிறு ஏகாம்பரம் வந்து, வெயிலுக்குத் தடையாகக் கொஞ்சம் பழுப்பு நிறம் கலந்த எண்ணெயை ஆறு பக்கமும் தடவினார். அடிவிளிம்புக்கு இரண்டு தரம். கால்மணி கழித்து, மரம் குடிக்காமல் மிச்சம் நின்றதைத் துடைத்தெடுத்தார். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும் என்று, ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துக் காயப்போட்டார். கதவில் பளபளப்பு இல்லை. மரத்தின் ரேகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நாகவல்லி கதவைத் தடவிப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"வருஷத்துக்கு ஒரு வாட்டின்னீங்களே சம்பந்தி, எங்க ஊரு வெயிலுக்கு அது பத்தாது. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. பையெல்லாம் தூக்கிக்கினு வர வாணாம்."

ஏகாம்பரம் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனார். அங்கே காவ்யா அவருக்கு முன்னால் போய் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.