சீட்டு விழாத பக்கம்

தொண்ணூறுகளில் மைசூரில் சமூக மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நகரம் முழுக்கக் கணக்கெடுத்தோம். எனக்கு வந்தது நஞ்சன்கூடு சாலைப் பக்கம் கட்டட வேலைக்காரர்களின் குடிசைப் பகுதி. பெரும்பாலும் தமிழர்கள். பலர் வாக்காளர் பட்டியலில் இல்லை. ரேஷன் கார்டும் கிடையாது. எந்த வீட்டுக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க வீடுகளின் பட்டியலே இல்லை.

துறைத் தலைவர் வழக்கமான வழியைச் சொன்னார். பகுதியின் நடுவில் நின்று பாட்டிலைச் சுழற்று, அது காட்டும் திசையில் ஓரம்வரை வீடுகளை எண்ணு, அதில் ஒன்றைக் குலுக்கி எடுத்துத் தொடங்கு, பிறகு அடுத்தடுத்த வாசல். அப்படிச் செய்தால் நடுவில் இருக்கும் வீடுகளுக்கே வாய்ப்பு அதிகம், சாக்கடை ஓரத்துக் குடிசைகள் விட்டுப்போகும் என்றேன். பகுதியை வரைந்து, ஏறக்குறைய சமமான வீடுகள் வரும்படி துண்டுகளாகப் பிரித்து, ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதில் எல்லா வீட்டுக்கும் போகலாம் என்று மன்றாடினேன். ஒப்புக்கொண்டார்; ஆனால் அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்.

பகுதியை வரையக் காகிதத்தோடு போனால் அங்கிருந்த மேஸ்திரி வழி மறித்தார்.

"அளக்க வந்தவங்க பின்னாடியேதான் இடிக்க வந்தாங்க, டாக்டரம்மா. போன எடத்துல பாத்துட்டோம்."

வரையாமல் வேலை நடக்காது. வரைந்தால் இவர்கள் நம்பமாட்டார்கள். திரும்பிப் போனால் பாட்டில்தான். வெயிலில் நின்றபடியே நெடுநேரம் பேசினேன். கடைசியில், பெயர் எழுதக்கூடாது, தன் எதிரிலேயே வரைய வேண்டும் என்ற நிபந்தனையில் இறங்கிவந்தார். சீட்டையும் அவரே எடுத்தார். விழுந்தது கோயில் பக்கத்துத் துண்டு.

மறுநாள் வேலையில் இருந்தபோது, சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லையாம்.

"எங்கூட்டுக்கு வர மாட்டீங்களா? எங்களயும் எழுதிக்குங்க."

யாருக்காகச் சண்டை போட்டேனோ அவளையே சேர்க்க முடியாமல் நின்றேன். சீட்டை மறுபடி குலுக்கினால் துறையில் யாருக்குத் தெரியும் என்று மனம் சொன்னது. வந்து கேட்டவர்களைச் சேர்த்தால், கேட்க வராதவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது. அவளிடம், இந்தத் தடவை சீட்டு உங்கள் பக்கம் விழவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கணக்கெடுப்பு முடிந்ததும் சுகாதார மையத்து நர்ஸைக் கையோடு அழைத்துப்போனேன். சாக்கடை ஓரத்தில்தான் முகாம் போட்டோம். அவள் வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அறிக்கையில் அந்தக் குழந்தை இல்லை.